நான்கு தட்டுகளும் ஒரு கட்டைவிரலும்

உலகத்தில் உள்ள ஷார்ட் ஃபார்ம்கள் எல்லாவற்றையும் நான்கு பிளாஸ்டிக் தட்டுகளில் அடக்கிவிடலாம். ஐந்தாவது தட்டு தேவைப்பட்டால் அது மொழியின் குற்றம்.

இதை இன்பராஜ் சிரிக்காமல் சொன்னான். வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல், நயீம் அகமது நடத்தும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவன் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கித் தருவதுதான் அங்கே வேலை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரும், மேல்விஷாரம் தோல் கம்பெனிக் காகிதம் வரும், யூனியன் சுற்றறிக்கை வரும், விசா விண்ணப்பம் வரும். கீழே தள்ளுவண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் அன்போடு திட்டிக்கொள்ளும் சத்தம் நாள் முழுக்க வரும்.

இன்பராஜின் தத்துவம் எளிமையானது. ஷார்ட் ஃபார்முக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது. காகிதம் எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்தின் அர்த்தம்தான் அதற்கு. எனவே ஆஸ்பத்திரிக்கு நீலத் தட்டு, தோல் கம்பெனிக்குப் பழுப்பு, யூனியனுக்குச் சிவப்பு, விசாவுக்குப் பச்சை. பி.ஆர். என்ற இரண்டு எழுத்து நீலத் தட்டில் விழுந்தால் நாடித்துடிப்பு. பழுப்பில் விழுந்தால் கொள்முதல் கோரிக்கை. பச்சையில் நிரந்தர வசிப்புரிமை. சிவப்பில் மக்கள் தொடர்பு. தட்டின் நிறத்தைச் சொன்னால் போதும், கம்ப்யூட்டர் தானே மாற்றிவிடும்படி அவன் ஏற்பாடும் செய்துவிட்டான். இதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் சரியாகவே வந்தது. அதுதான் ஆபத்து.

அந்த அலுவலகத்தின் மூத்த மொழிபெயர்ப்பாளர் பூர்ணிமாவின் முறை வேறு. ஷார்ட் ஃபார்ம் வந்ததும் அதைக் கட்டைவிரலால் மூடிவிடுவாள். மூடிவிட்டு முன்னால் இருக்கும் வார்த்தையையும் பின்னால் இருக்கும் வார்த்தையையும் படிப்பாள். அந்த ஓட்டையில் என்ன வந்தால் வாக்கியம் நிற்கும் என்று யோசிப்பாள். பிறகுதான் விரலை எடுப்பாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்பராஜுக்கு உற்சாகம் பொங்கும்.

"இன்னாக்கா, எம்.ஏ. படிச்சிட்டு கைநாட்டு வைக்கிற?"

"வைக்கிறேன். உன் தட்டுல தப்பா விழறதுக்கெல்லாம் நான்தானே சாட்சிக் கையெழுத்து போடணும்."

"என் தட்டுல தப்பு விழாதுக்கா. சயின்ஸ்."

முதல் தப்பு அந்த வாரமே விழுந்தது. ஒரு தோல் கம்பெனி உறையில் வந்த கட்டில், அந்தக் கம்பெனி டிஸ்பென்சரி எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்றும் இருந்தது. உறை கம்பெனியுடையது என்பதால் பழுப்புத் தட்டு. பழுப்புத் தட்டில் டி.டி.எஸ். என்றால் கழிவுநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு; தோல் தொழில் நடக்கும் ஊரில் அந்த மூன்று எழுத்துக்குத் தனி மரியாதை. ஆகவே தொழிலாளி ஒருவருக்கு இன்பராஜ் தமிழில் அளித்த வைத்திய ஆலோசனை இது: 'சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை, மொத்தக் கரைந்த உப்பு, ஐந்து நாள்.'

பூர்ணிமா அந்த மூன்று எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "சாப்ட்டப்புறம் ஒரு மாத்திரை. அஞ்சு நாள். நடுவுல இன்னா கேப்ப நீ?"

"எத்தினி வேளைன்னு."

"அவ்ளோதான். டி.டி.எஸ்.னா டாக்டருங்க பாஷையில மூணு வேளை. இதையே கணக்குப்பிள்ளை எழுதியிருந்தா சம்பளத்துல புடிக்கிற வரி. அந்தாளு காய்ச்சலுக்கு உப்புத் தண்ணி குடிக்கணுமா, வரி கட்டணுமா?"

"அது உறை மாறி வந்துச்சு" என்றான் இன்பராஜ். உறையைப் பழி சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. அது திருப்பிப் பேசாது.

அடுத்தது யூனியன் சுற்றறிக்கை. பஞ்சப்படி சி.பி.ஐ.யைப் பொறுத்து ஏறும் என்பது விஷயம். சிவப்புத் தட்டில் சி.பி.ஐ. என்றால் கட்சி. 'இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பதினொரு புள்ளி உயர்ந்துள்ளதால் பஞ்சப்படியும் உயரும்' என்று அச்சாகிப் போனது. யூனியன்காரர்கள் குறை சொல்லவில்லை. இன்னும் இருபது பிரதி கேட்டார்கள். பூர்ணிமாதான், புள்ளியும் பஞ்சப்படியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பது விலைவாசிக் குறியீட்டெண் என்று சொல்லித் திருத்தினாள்.

"சி.பி.ஐ.ன்னதும் ரெய்டுன்னு நெனச்சேன்பா" என்றார் நயீம் அகமது, நெஞ்சைத் தடவியபடி. அதன்பிறகு அவர் ஓர் உத்தரவு போட்டார். திங்கட்கிழமை முதல் எல்லாக் காகிதமும் பூர்ணிமாவின் விரலுக்குக் கீழே போய்த்தான் வெளியே போக வேண்டும். இன்பராஜ் இதை விஞ்ஞானத்தின் மீதான அடக்குமுறை என்று வர்ணித்தான்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. பூர்ணிமா தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டாள். நயீம் அகமதுவும் ஆம்பூரில். அன்று மாடிப்படி ஏறி வந்தார்கள் ஒரு தாயும் மகளும்.

மகள் சோபனா, மாதனூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்பவள். தாய் சவுரியம்மாளும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர்தான். மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகு லீவில் இருக்கிறார். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃப் காதருகே நழுவ நழுவ ஏற்றிவிட்டுக்கொண்டார். காலையில் சோபனா மூன்று பக்கங்களை போனில் அனுப்பியிருந்தாள். இன்பராஜ் நீலத் தட்டைச் சொல்லி, தமிழை அச்சடித்து வைத்திருந்தான்.

"படிம்மா" என்றார் சவுரியம்மாள், நாற்காலியில் உட்கார்ந்து.

"ஆஸ்பத்திரிலேயே சொல்வாங்க இல்ல?" என்றான் இன்பராஜ், மரியாதைக்கு.

"டாக்டரப் பாக்கறது திங்கக்கிழமைதான் தம்பி. மூணு ஊசி போட்டாச்சு, இன்னும் மூணு இருக்கு. ஒரு ஊசிக்கு ஒரு வாரம் எழுந்திருக்க முடியல. இந்த ஸ்கேன்ல மருந்து வேலை செய்யலன்னு இருந்தா திங்கக்கிழமை நான் போகமாட்டேன். அதுதான் தெரியணும்."

"அம்மா, சும்மா இரு" என்றாள் சோபனா.

"நீ படி."

சோபனா முதல் பக்கத்தைப் படித்தாள். 'நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எண்பத்து நான்கு, ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது.' சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கம் கட்டியைச் சோதித்த அறிக்கை. 'ஈ.ஆர். பாசிட்டிவ், நாடித்துடிப்பு பாசிட்டிவ்' என்றாள். குரல் கொஞ்சம் தயங்கியது. மூன்றாம் பக்கம் புது ஸ்கேன். அதன் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"முடிவுன்னு போட்டு... 'நாடித்துடிப்பு'ன்னு போட்டிருக்கும்மா."

சவுரியம்மாள் நழுவிய ஸ்கார்ஃபை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு நாடி ஓடுதுன்னு தெரிஞ்சிக்க அந்த மிஷின் உள்ள போய் படுக்கணுமாடி?"

இன்பராஜ் சிரிக்கப் பார்த்தான். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

"ஆஸ்பத்திரியில முடிவ எழுதலன்னா மறைக்கிறாங்கன்னு அர்த்தம்" என்று எழுந்தார். "வா. திங்கக்கிழமை நீ வேலைக்குப் போ."

"ஒரு நிமிஷம்மா" என்றான் இன்பராஜ். "உக்காருங்க. அது என் தப்பு. ஆஸ்பத்திரி தப்பில்ல."

பூர்ணிமாவுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிச்சயதார்த்த மேளத்தில் யாருக்குக் கேட்கும்? நீலத் தட்டைப் பார்த்தான். அது நீலமாக இருந்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று பக்கமும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நோயாளி, மூன்றிலும் பி.ஆர். இருந்தது. மூன்றும் ஒன்றில்லை என்பது மட்டும் இப்போது தெரிந்தது.

ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தான். சோபனா பார்க்கிறாள் என்று தெரிந்தும், கடைசி வரியில் இருந்த இரண்டு எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

"இன்னாண்ணா பண்ற?"

"மூடிட்டுப் படிக்கப் போறேன். கேளுங்க." ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். "முந்தின ஸ்கேனோட ஒப்பிட்டுப் பாத்தோம். அப்போ கட்டிங்களோட அளவு எல்லாம் கூட்டினா நூத்தி பன்னெண்டு மில்லிமீட்டர். இப்போ அறுபத்தெட்டு. புதுசா கட்டி எதுவும் இல்ல. முடிவு..." விரல் அங்கே இருந்தது. "இங்க இன்னா வந்தா பொருந்தும்?"

சோபனா வாயைத் திறப்பதற்குள் சவுரியம்மாள் பதில் சொன்னார். வாழ்நாள் முழுக்கத் தோலை அளந்து பார்த்துத் தைத்த பெண்ணுக்குக் கணக்கு சொல்லித்தரத் தேவையில்லை.

"கம்மியாயிருக்குன்னு வரணும்."

"பூராவும் போயிடுச்சா?" என்றான் இன்பராஜ்.

"அறுபத்தெட்டு இருக்குன்ற. எப்படிப் போயிருக்கும்? கொஞ்சம் போயிருக்கு. கொஞ்சம் இருக்கு."

இன்பராஜ் விரலை எடுக்காமலே புற்றுநோய் ஸ்கேன்களுக்கான சொற்பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடினான். மருந்துக்குக் கட்டி எப்படி நடந்துகொண்டது என்று நான்கு விதமாகத்தான் எழுதுவார்களாம்: முழுதாகப் போனது, ஓரளவு குறைந்தது, அப்படியே இருக்கிறது, வளர்ந்துவிட்டது. அளவின் கூட்டுத்தொகை முப்பது சதவீதமாவது குறைந்து, புதிதாக எதுவும் வராமல் இருந்தால் இரண்டாவது. பார்ஷியல் ரெஸ்பான்ஸ். பி.ஆர். அந்த அம்மா அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமலே அதைச் சொல்லிவிட்டிருந்தார். சுற்றியிருந்த சாதாரண வார்த்தைகள், நூற்றுப் பன்னிரண்டும் அறுபத்தெட்டும் 'இல்லை'யும், அந்த இரண்டு எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தன. இத்தனை நாளும் அவன் அவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறான்.

"மருந்துக்கு ஓரளவு பலன் இருக்குன்னு அர்த்தம்மா" என்றான். "ஆனா நான் டாக்டர் இல்ல. காகிதத்துல இருக்கறதத்தான் சொல்றேன். மிச்சத்த டாக்டர்கிட்டதான் கேக்கணும். அதையும் கீழ எழுதித் தர்றேன்."

"அப்போ ரெண்டாம் பக்கத்துல இருக்கற நாடி?" என்றாள் சோபனா.

அதன்மேலும் விரல் போனது. முன்னால் ஈ.ஆர்., பின்னால் பாசிட்டிவ், மேலே திசு என்ற வார்த்தை. அங்கே நாடிக்கு என்ன வேலை? மறுபடி தேடினான்; ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் கட்டியில் இருக்கின்றன என்பது பொருள். அதை வைத்து வேறு மாத்திரையும் பலன் தரலாம், அதையும் டாக்டர் சொல்வார் என்று எழுதினான். முதல் பக்கத்து நாடி மட்டும் நாடியாகவே இருந்தது. 'நிமிடத்துக்கு' என்ற வார்த்தை பக்கத்திலேயே காவல் நின்றது.

புதிய தமிழைச் சோபனா முதலிலிருந்து படித்தாள். சவுரியம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். கடைசி வரி முடிந்ததும் ஸ்கார்ஃபை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்" என்றார் மகளிடம். "லேட்டாப் போனா டோக்கன் கெடைக்காது." படியில் இறங்கும்போது திரும்பி, "தம்பி, மத்தவங்களுக்கும் இந்த மாரி மூடிட்டே படி. நல்லாருக்கு" என்றார்.

அவர்கள் போன பிறகு மேசையில் இருபது காகிதம் பாக்கி இருந்தது. இன்பராஜ் நான்கு தட்டுகளிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்து ஒரே அடுக்காக்கினான். மேலே இருந்தது ஒரு தோல் கம்பெனிக் கடிதம். முதல் வரியிலேயே பி.ஆர். அது கொள்முதல் கோரிக்கைதான் என்று அவனுக்குத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்தாயிற்று.

போன் அடித்தது. பூர்ணிமா.

"இன்னாடா, பத்து மிஸ்டு கால் குடுத்திருக்க? எதையாவது கவுத்துட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா. சாப்ட்டியா?"

"இன்னா இவ்ளோ மெதுவாப் பேசற? இன்னா பண்ணிட்டிருக்க?"

"வேலதான்கா" என்றான் இன்பராஜ், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி. ஒரு கை பேனாவைப் பிடித்திருந்தது. இன்னொரு கையின் கட்டைவிரல் காகிதத்தின் மேல் இருந்தது.