பின்கதவின் தாழ்ப்பாள்

திருடு போன வீடுகளுக்குப் போவதுதான் என் பிழைப்பு. விழுப்புரத்தில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிட்டால் சர்வேயராகப் போய் நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவேன். பொய் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பணம் கிடைக்க வேண்டுமென்று புளுகுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. திண்டிவனத்தில் சுப்பராயலு மட்டும்தான் பணம் கிடைக்காமல் போவதற்காகப் புளுகினார்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமிக்கு மனைவி அம்சவள்ளியோடு திருவக்கரை கோயிலுக்குப் போய் இரவு தங்கிவிட்டு வந்திருக்கிறார். வாசல் பூட்டு அப்படியே இருந்ததாம். பின்கதவுதான் திறந்து கிடந்ததாம். பீரோவிலிருந்த வளையல்களும் வெள்ளிச் சாமான்களும் காணோம்.

"பின்கதவு தாப்பா போட மறந்துட்டேன் மேடம். நான்தான். போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

"உடைச்சு உள்ள பூந்த அடையாளம் இருந்தாதாங்க இந்தப் பாலிசியில பணம் வரும். திறந்த கதவு வழியா வந்து எடுத்தான்னா கிடைக்காது."

"கெடைக்காட்டி போவுது. எழுதிக்கோங்க."

நான் எழுதவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி தலையே நிமிரவில்லை.

"பின்கதவு சாத்தறது எப்பவும் நான்தாம்மா, அவரு இல்ல" என்றாள் மெல்ல. "அன்னிக்குப் போட்டனா இல்லையான்னு எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரல. இப்ப அடுப்ப அணைச்சனான்னுகூடப் பத்து தரம் எழுந்து பாக்கறேன். டாக்டர்கிட்ட காட்டுன்னு பொண்ணு சொல்லுது. புத்தி கெட்டுப் போச்சு போல."

"ஏய், சும்மா இரு வள்ளி. மறந்தது நான்னு சொல்றேன் இல்ல?"

வளையல் போனதற்கு அந்த அம்மாள் அழவில்லை. தன்மேலேயே நம்பிக்கை போனதற்குத்தான் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். சுப்பராயலுவும் கூடவே வந்தார்.

கதவின் தாழ்ப்பாள் பழையது, துருப்பிடித்தது. அது போய் மாட்டுகிற வளையம் கதவு நிலையில் இருந்தது. அதுவும் துருதான். ஆனால் அதிலிருந்த ஸ்க்ரூக்கள் மட்டும் பளபளவென்று இருந்தன.

"இதை யார் மாத்தினது?"

"நான்தான் மேடம். காலைல வந்து பாத்தா அந்த வளையம் கழண்டு தரையில கெடந்துது. கதவு காத்துல அடிச்சிக்கினு இருந்துச்சு, அதுல புடுங்கிக்கிச்சுன்னு நெனைச்சேன். திருடு போச்சுன்னு கேள்விப்பட்டு சொந்தக்காரங்க வந்துக்கினே இருந்தாங்க. வீடு அப்படி இருந்தா நல்லா இருக்குமா? ஜல்தியா முடுக்கி உட்டேன்."

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமாம்."

டிப்போக்காரர் கை சும்மா இருக்குமா! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வாங்கி அந்த வளையத்தைக் கழற்றினேன். ஓட்டைகளுக்குள்ளிருந்து தீக்குச்சித் துண்டுகள் உதிர்ந்தன. மரம் பிய்ந்து போயிருந்ததால் ஸ்க்ரூ நிற்பதற்காகக் குச்சி சொருகியிருக்கிறார். உள்ளே சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தது. கதவின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளுக்கு நேராக, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கம்பி விட்டு நெம்பிய பள்ளம் இருந்தது. பெயிண்ட் புதிதாக உதிர்ந்திருந்தது. மறந்துவிட்டேன் என்று வீட்டுக்காரரே சொன்ன பிறகு போலீஸ்காரர் இங்கே எதற்குக் குனிந்து பார்க்கப் போகிறார்?

"பழைய ஸ்க்ரூ?"

அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. டப்பாவிலிருந்து எடுத்துவந்தார். எல்லாம் வளைந்திருந்தன.

"அம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "தாப்பா போடாத கதவ யாரும் நெம்ப வேண்டியதில்ல. தள்ளினாலே திறந்துக்கும். தாப்பா மாட்டியிருந்ததாலதான் நெம்பினப்ப மரத்தோட வளையத்தைப் பிச்சுக்கினு வந்திருக்கு."

"அப்ப நான்..."

"போட்டுட்டுத்தான் போனீங்க."

அம்சவள்ளி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். கண்ணீர் கொட்டியது, முகமோ சிரித்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

உள்ளதையும் சொன்னேன். முடிவு கம்பெனியுடையது. நான் வருவதற்குள் கதவைச் சரிசெய்தது ஏன் என்று கேட்பார்கள். ஸ்டேஷனில் சொன்னதை மாற்றி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளத்தையும் ஓட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டேன்.

அம்சவள்ளி கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் போட்டிருப்பேன்னு நீங்க நம்பல. இல்ல?"

சுப்பராயலு தரையைப் பார்த்தார். "நம்பலதான். ஆனா ஊரு உன்ன ஒரு வார்த்த சொல்றதுக்கு உட்டுக்குடுப்பனா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்டேஷனுக்கு. தாப்பா போட்டது நான். நானே வந்து சொல்றேன்."