பத்தாம் தேதிக்காரர்கள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு அண்ணன் முதலாளி, தங்கை கணக்காளர். அவனுக்கு எல்லா வாடிக்கையாளரும் தங்கமானவர்கள். அவளோ யார் பேச்சையும் நம்பமாட்டாள். பழைய வரவுத் தேதிகளை மட்டும் நம்புவாள்.

ஜூன் இருபத்தொன்பது. அடுத்த மூன்று மாதத்தில், போட்ட பில்களுக்கு எவ்வளவு வசூலாகும் என்று மாலைக்குள் வங்கிக்கு எழுதித் தர வேண்டும். அறுபது லட்சம் தேறினால் கடனைப் புதுப்பிப்பார்கள். தேறாவிட்டால் செப்டம்பர் முப்பதோடு, அடமானத்தில் இருக்கும் வீடு கைவிட்டுப் போகும். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

நிலுவை எழுபத்தாறு லட்சம். கெடுப்படி அத்தனையும் வந்துவிட வேண்டும். கெடுவை யார் மதிக்கிறார்கள்? மருந்துக் கம்பெனி சொன்ன நாளில் தரும், இருபத்திரண்டு லட்சம். சோப்புக்காரர் முப்பது நாள் என்று கையெழுத்துப் போட்டு அறுபதாம் நாள் தருவார், பன்னிரண்டு. பொம்மைக்காரர் பதினாறில் பாதியைத் தந்துவிட்டு மீதிக்கு இழுத்தடிப்பார், எட்டு. பிஸ்கெட் கம்பெனி இருபத்தாறு. எழுபத்தைந்து நாள் கெடு, அது முடிந்ததும் வரும் பத்தாம் தேதி பணம். ஆறு வருஷத்தில் ஒரு பத்தாம் தேதி தவறியதில்லை. ஜூன் இருபத்திரண்டாம் தேதி பில்லுக்குக் கெடு செப்டம்பர் ஐந்து, பணம் பத்து. ஆக மொத்தம் அறுபத்தெட்டு. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் லாரி டிரைவர் வந்தார்.

"பிஸ்கெட் கம்பெனி சலான்மா. ஒரு வாரமா வண்டியிலயே கெடக்குது."

"சரக்கு வாங்கிக்கிட்ட சீல் எங்கண்ணே?"

"இருப்பை எண்ணி ஸ்டாக் எடுக்கறாங்களாம். சரக்கை ஷெட்ல எறக்கிக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதிதான் சீல் போடுவாங்களாம்."

அவள் பழைய ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தாள். அந்தக் கம்பெனி நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, சீல் தேதியிலிருந்து. இதுவரை இரண்டும் ஒரே நாளில் விழுந்ததால் அதை மறந்தே போயிருந்தாள். ஜூலை ஒன்றில் சீல் என்றால் கெடு செப்டம்பர் பதினான்கு. செப்டம்பர் பத்து போச்சு. இனி அக்டோபர் பத்து.

கம்பெனிக்குப் போன் போட்டு, சரக்கு இறங்கிய தேதிக்கே சீல் கேட்டுக் கெஞ்சினாள். "ரூல்னா ரூல்தான் மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

அண்ணன் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான். இருபத்தாறைக் கழித்தால் நாற்பத்திரண்டு.

"செப்டம்பர்லயே போடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"கெடு எதுலேர்ந்துன்னு பேங்க் பிஸ்கெட் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கும்ணே. கேட்டதும் மிச்சக் கணக்கையும் நம்பமாட்டாங்க."

"அப்ப வீடு?"

அவள் அந்த இருபத்தாறை அக்டோபர் கட்டத்துக்கு மாற்றி அனுப்பினாள். அரைமணியில் வங்கியிலிருந்து ஒற்றை வரி வந்தது: புதுப்பிக்க இயலாது.

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "அந்தப் பணம் நிச்சயமா வருமாடி?"

"வரும்ணே. அவங்க பத்தாம் தேதி தவறவே மாட்டாங்க" என்றாள். "நாமதான் அதுக்குப் பத்து நாள் முன்னாடியே வீட்டைக் காலி பண்ணியிருப்போம்."