ஐம்பதாவது நிலையின் உயரம்

கோபுரத்தின் முதல் நிலையை நான் செய்தேன். மூன்று வாரம் ஆனது. கதவு, கதவுக்கு இருபுறமும் தூண், தூணுக்கு மேலே மடிப்பு மடிப்பாக விளிம்பு, மூலைக்கு மூலை சின்னச் சிகரம். அகலம் பன்னிரண்டு மீட்டர், உயரம் நான்கு. எல்லாம் கணினித் திரைக்குள்தான். ஆனால் இதைப் பார்த்துத்தான் பட்டறையில் நுரையை வெட்டி, ஃபைபர் பூசி, இரும்புச் சட்டத்தில் மாட்டுவார்கள்.

மீதி எட்டு நிலைகளை ஷார்ட்கட் அண்ணன் செய்தார். பத்து நிமிடம் ஆனது.

அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவரோடு வேலை பார்த்தவர்கள்தான். என் முதல் நிலைக்கு மேலே ஒரு வெறும் குறியை வைத்தார். அதன் ஸ்கேலை, அதாவது அளவு விகிதத்தை, 0.85 ஆக்கினார். ஒன்றையே நகலெடுத்து வரிசையாக அடுக்கும் அர்ரே கட்டளையைப் போட்டு, எண்ணிக்கை ஒன்பது என்றார். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழே இருப்பதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காகச் சுருங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தது. முதலாளி வந்து பார்த்தார்.

"பத்து நிமிஷத்துல கோபுரம். இதான்ப்பா அனுபவம்," என்றார்.

என்னைப் பார்த்து, "நீயும் கத்துக்கம்மா," என்றார்.

ஷார்ட்கட் அண்ணன் அடக்கமாகத் தலை குனிந்தார். மூன்று வாரம் யாருடையது என்று அவரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய ஐந்து நாள் பாக்கி. வெள்ளிக்கிழமை நிரந்தரக் கடிதம் தர வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறாள். கடிதம் வருவதற்கு முன்பே தெரு முழுக்க நான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டாள். மாமா மட்டும் நம்பவில்லை. தினமும் போன் செய்வார்.

"லெட்டர் வந்துச்சா?"

"வெள்ளிக்கிழமை மாமா."

"வந்தா போட்டோ எடுத்து அனுப்பு. உங்கம்மா சொல்றத வச்சு நான் எதையும் நம்புறதில்ல."

அது நியாயமான பேச்சுதான். அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதலாளி ஒரு செய்தி கொண்டுவந்தார். கோபுரம் கேட்டிருந்தது ஒரு விடுதிக்காரம்மா. விடுதி வாசலில் நிறுத்த. இருபது மீட்டர் போதும் என்றவர், இப்போது முப்பது கேட்கிறாராம். எதிர் விடுதிக்காரன் இருபத்தெட்டு மீட்டரில் ஒரு கலங்கரை விளக்கம் கட்டுகிறான். பக்கத்தில் கடல் இல்லை. அது வேறு விஷயம்.

"ஒரு நம்பர் மாத்துற வேலைனு சொல்லிட்டேன். வியாழக்கிழமை வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடியே கூட்டிக் காட்டிடலாம்," என்றார் முதலாளி.

நான் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். நான்கு மீட்டர். அதற்கு மேல் 3.4. அதற்கு மேல் 2.89. இப்படியே ஒன்பது நிலைக்கு இருபதரை மீட்டர் வருகிறது. இன்னும் எத்தனை நிலை போட்டாலும், ஆயிரம் போட்டாலும், இருபத்தாறு மீட்டர் அறுபத்தேழு சென்டிமீட்டரைத் தாண்டாது. நான்கை 0.15 ஆல் வகுத்தால் வருவது அது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. நேரில் போனேன்.

"நீ என்ன கணக்கு டீச்சரா?" என்றார்.

"இல்ல சார். ஆனா முப்பது வராது."

"மேல அடுக்கினா உயரம் ஏறும். ஏறாதா? மாடிக்கு மேல மாடி கட்டினா வீடு உயராதா?"

"ஒரே அளவு மாடினா உயரும் சார். இது ஒவ்வொண்ணும் சுருங்குது."

ஷார்ட்கட் அண்ணன் தன் நாற்காலியிலிருந்து திரும்பாமலே, "சுருங்கினாலும் கொஞ்சம் கொஞ்சமா கூடத்தான செய்யும்? கூடிட்டே இருந்தா ஒரு நாள் வந்துதான ஆகணும்?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்து, 'கேட்டியா' என்பது போல் புருவத்தை உயர்த்தினார். இரண்டு பட்டதாரிகளுக்கு எதிரே நான் ஒரு பட்டதாரி. பெரும்பான்மை ஜெயித்தது.

வியாழக்கிழமை விடுதிக்காரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, கையில் தன் விடுதியின் விளம்பரப் புத்தகம். தேநீர் வேண்டாம் என்றார். பெரிய திரையில் கோபுரம் நின்றது. மவுஸ் என் கையில் இருந்தது. ஷார்ட்கட் அண்ணன்தான் உட்கார வேண்டியது. கடைசி நிமிடத்தில் அவருக்குப் பல்வலி வந்து, பின்னால் போய் நின்றுகொண்டார். கணக்கை அவரும் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"இப்ப பாருங்க மேடம்," என்றார் முதலாளி. "ஒன்பதைப் பன்னிரண்டாக்கும்மா."

ஆக்கினேன். ஓரத்தில் உயரம் 22.87 என்று காட்டியது.

"இருபது ஆக்கு."

25.63.

"அம்பது."

கணினி சற்று யோசித்தது. 26.66.

உச்சியில் ஊசி முனை மாதிரி ஏதோ இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். விடுதிக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அந்த அம்பதாவது நிலை எவ்வளவு உயரம்?"

"ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும் மேடம்," என்றேன்.

"கதவு இருக்கா அதுல?"

"இருக்கு. தூணும் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"நூறு ஆக்கு," என்றார் முதலாளி. அவர் குரலில் கொஞ்சம் வேர்வை இருந்தது.

26.67. அதோடு நின்றுவிட்டது. நூற்றைம்பது போட்டேன். இம்மி அசையவில்லை.

"என்ன பிரச்சனை இதுல?" என்று விடுதிக்காரம்மா கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் புரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடிதத்தில் முதலாளி கையெழுத்துதான் வேண்டும், வாயைத் திறந்தால் யோசித்துத் திற. வாயாலும் சொன்னார்: "சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு மேடம். இவ நாளைக்குச் சரி பண்ணிடுவா. என்னம்மா?"

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். கூடமாவது வாய் பேசாது. எனக்கு வாய் இருந்தது.

"சாஃப்ட்வேர்ல கோளாறு இல்ல மேடம்," என்றேன். "ஒருத்தர் நடக்கிறார்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு அடியும் முந்தின அடியவிடச் சின்னதா, அதே விகிதத்துல வைக்கிறார். ஆயுசு பூரா நடந்தாலும் ஒரு கோட்டைத் தாண்ட மாட்டார். இந்தக் கோபுரத்துக்கு அந்தக் கோடு இருபத்தாறு அறுபத்தேழு."

விடுதிக்காரம்மா விளம்பரப் புத்தகத்தை மேசையில் வைத்தார். "ஒன்பது நிலைனு இதுல அச்சடிச்சாச்சு. முதல்லயே சொல்லியிருப்பேன். எதுவரைக்கும் போறாருனு பாக்கலாம்னு சும்மா இருந்தேன்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒன்பது நிலைல முப்பது வருமா? அடித்தளம் போட்டாச்சு. அகலம் பன்னிரண்டுக்கு மேல கூடாது."

"விகிதத்தை 0.954 ஆக்கினா வரும். ஆனா உச்சி எட்டு மீட்டர் அகலத்துல நிக்கும். தண்ணித் தொட்டி மாதிரி இருக்கும்."

"தொட்டி எங்கிட்ட இருக்கு."

"அப்ப ரெண்டையும் பிரிக்கணும் மேடம். அகலம் 0.85லயே சுருங்கட்டும். உயரம் மட்டும் 0.954. முப்பது மீட்டர் நாலு சென்டிமீட்டர் வரும். பக்கக் கோடு நேரா இல்லாம கொஞ்சம் உள்வாங்கி வளையும், அழகாத்தான் இருக்கும். ஆனா கதவு, தூணெல்லாம் அப்படியே சுருக்கினா நசுங்கிப் போகும். அதைத் தனியா எடுத்து ஒவ்வொரு நிலைக்கும் வைக்கணும். நாலு நாள் ஆகும்."

"செய்ங்க," என்று எழுந்து போய்விட்டார்.

கதவு மூடியதும் முதலாளி, "என் மூக்கை அறுத்துட்ட," என்றார்.

"கணக்கு சார் அது."

"தகுதிகாண்ல இருக்கிறவங்க க்ளையன்ட் முன்னாடி பேசக்கூடாது. இது இந்த ஆபீஸ் ரூல். உனக்கு இன்னும் மூணு மாசம் நீட்டிக்கிறேன். நடத்தை சரியில்ல." பிறகு திரும்பினார். "தம்பி, உயரம் 0.954 ஆம். போட்டுடு."

ஷார்ட்கட் அண்ணனின் பல்வலி போயிருந்தது. குறியின் ஸ்கேலில் உயர எண்ணை மட்டும் மாற்றினார். இந்த முறை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே கோப்பு விடுதிக்குப் போய்விட்டது. கதவைப் பற்றி நான் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரவு மாமா போன் செய்தார். எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன்.

"மூணு மாசம்னா மூணு மாசம். தெருவுல சொன்னத நான் மாத்த மாட்டேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளியின் மேசையிலிருந்த கம்பியில்லாத் தொலைபேசி அடித்தது. விடுதிக்காரம்மா. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே முதலாளியின் முகம் மாறுவது தெரிந்தது. ஷார்ட்கட் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் போனார், தலையைச் சொறிந்தார், வந்தார். பிறகு முதலாளியே வாயை மூடிக்கொண்டு, அதாவது தொலைபேசியின் வாயை மூடிக்கொண்டு, என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"ஒன்பதாவது நிலைக் கதவு என்ன அளவுனு கேக்கிறாங்க. உள்ள ஏணி போட்டு எலக்ட்ரிஷியன் ஏறி, அந்தக் கதவு வழியா வெளி விளக்கை மாத்தணுமாம். சொல்லும்மா."

"நான் எப்படி சார் சொல்றது?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் தகுதிகாண்ல இருக்கேன். க்ளையன்ட் முன்னாடி பேசக்கூடாது. ஆபீஸ் ரூல்."

"எங்கிட்டச் சொல்லு. நான் சொல்றேன்."

"சொல்றேன் சார். அடுத்து அவங்க ரெண்டாவது கேள்வி கேப்பாங்க. மூணாவதும் கேப்பாங்க."

முதலாளி தொலைபேசியைப் பார்த்தார். உள்ளே அந்த அம்மா, "ஹலோ, ஹலோ," என்பது எனக்கே கேட்டது. "ஒரு நிமிஷம் மேடம், ஃபைல் திறக்குது," என்றார். பிறகு தன் அறைக்குப் போனார். பிரிண்டர் உறுமியது.

கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் படித்தேன். முழுதாகப் படித்தேன். தேதி அடுத்த மாதம் என்று போட்டிருந்தது. திருத்தித் தரச் சொன்னேன். பிரிண்டர் மறுபடி உறுமியது. கையெழுத்தும் முத்திரையும் இருப்பதைப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துவிட்டு, தொலைபேசியை வாங்கினேன்.

"மேடம், இப்ப உங்ககிட்ட இருக்கிற ஃபைல்ல அந்தக் கதவு ஒரு மீட்டர் நாப்பத்தி நாலு உயரம். அகலம் இருபத்தி நாலரை சென்டிமீட்டர்."

"எங்க எலக்ட்ரிஷியன் கொஞ்சம் கனத்த ஆளு," என்றார் விடுதிக்காரம்மா.

"புரியுது மேடம். கோபுரம் சுருங்கும், ஆளு சுருங்க மாட்டாரு. அந்த நிலை ரெண்டே முக்கால் மீட்டர் உயரம், மூணே கால் அகலம். முழுக் கதவு தாராளமா உக்காரும். கதவை ஸ்கேல்ல சேக்காம தனியா வைக்கணும், அவ்வளவுதான்."

"அதான நேத்தே சொன்ன?"

"ஆமா மேடம்."

"அப்புறம் ஏன் வைக்கல?"

முதலாளி என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். ஷார்ட்கட் அண்ணன் திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், திரையில் எதுவும் இல்லை.

"பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாங்க மேடம்," என்றேன். "எனக்கு நாலு நாள் வேணும்."

"எடுத்துக்கம்மா," என்றார்.

தொலைபேசியை முதலாளியிடம் கொடுத்தேன். கடிதத்தைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பிறகு கோப்பைத் திறந்து, அர்ரேவிலிருந்து என் கதவைக் கழற்ற ஆரம்பித்தேன்.