கடைசிப் பதினான்கு விநாடி

துறையில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மற்றவர்கள் வந்த பேருந்து தாமதமானால்கூட அதற்காக அவள் மன்னிப்புக் கேட்பாள். ஆகவே, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தொடக்கவுரைக்கு ஐந்தே நிமிடம் என்று கடிதம் வந்தபோது மற்றவர்களைப் போல அவள் கலங்கவில்லை. சமையலறையில் கணவனைத் தேர்வாளராக உட்காரவைத்து, நேரம் பார்க்கக் கையில் கைப்பேசியைக் கொடுத்து, பத்தொன்பது முறை பேசிக் காட்டினாள். பன்னிரண்டாவது முறையிலேயே கணவன், "இந்தப் பட்டத்த எனக்கே குடுத்துருவாங்க போலிருக்கு" என்று முனக ஆரம்பித்துவிட்டான்.

உரை கச்சிதமாக இருந்தது. என்ன கேள்வி, ஏன் அந்தக் கேள்வி, எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது, அதில் புதிது எது, எங்கே குறை. அவ்வளவுதான். தேர்வாளர்கள் முந்நூறு பக்கத்தையும் படித்துவிட்டு வருகிறவர்கள். அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள். இரண்டு வகையினருக்கும் இது போதும்.

ஆய்வு இதுதான். மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் மாத்திரை உறைமேல் எழுதித் தருவது நோயாளிகளுக்குப் புரிகிறதா? முதல் வருடம் முழுக்க மணிக்கூண்டு கவுண்டர் பக்கத்தில் நின்று கேட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் புரிந்தது என்றார்கள். அப்படியானால் ஆய்வே தேவையில்லை. தாள்களைக் கட்டி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தவளிடம், பக்கத்து மேசைத் தோழி கேட்டாள்:

"கவுண்டர்ல நிக்கிறவரையே கேக்குறியே, வீட்டுல மாத்திரைய எடுத்துக் குடுக்குறது யாருடி?"

அந்தத் தோழிக்குக் கேள்விக்குறி என்று பெயர். எதையும் வளைத்துக் கேட்காமல் விடமாட்டாள். அவளுடைய அப்பாவுக்கு ஒரு நாளைக்குப் பதினொரு மாத்திரை. எடுத்துக் கொடுப்பவள் அவள். கவுண்டரில் நிற்பவர் அண்ணன். அண்ணன் கேட்டுக்கொண்டதும் அவளுக்கு வந்து சேர்ந்ததும் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லையாம். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டு இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போனாள். நூற்று முப்பத்தேழு வீடுகளில் மருந்தை வாங்கியவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர். தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கைமாற்றத்தில்தான் நடந்தன. மூன்றாம் அத்தியாயம் பிறந்தது. அதே வருடம் அப்பாவின் படுக்கையோரம் ஆள் வேண்டியிருந்ததால், கேள்விக்குறி ஆய்வை விட்டுப் போனாள்.

உரையின் நடுவில், "எப்படித் தேடினேன்" என்ற இடத்தில், தோழி கேட்ட கேள்வியை ஒரு வாக்கியமாக மணிக்கூண்டு எழுதியிருந்தாள். பதினான்கு விநாடி.

ஆய்வு நெறியாளர் உரையைப் பார்த்தார். அவர் தமது பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் போடுவதற்காகவே அகலமான பெயர்ப்பலகை செய்துகொண்டவர். உரையில் வணக்கமே இல்லை என்று வருத்தப்பட்டார். பெருமதிப்பிற்குரியவர்களை வரிசைப்படி அழைத்து ஐம்பது விநாடி சேர்த்தார். பிறகு தோழியின் வாக்கியத்தில் பென்சிலை ஊன்றினார்.

"இத நடுவுல சொன்னா, அப்ப உன் பங்கு என்னம்மான்னு வெளித்தேர்வாளர் கேப்பாரு. கடைசியில நன்றியோட சேத்துக்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் வசதியாகப் போயிற்று. மணிக்கூண்டு வேறு சிலதை வெட்டி, வாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளி, மறுபடியும் சரியாக ஐந்து நிமிடம் ஆக்கினாள். ஆய்வேட்டிலும் தோழியின் பெயர் இல்லாமல் இல்லை. நன்றியுரையில் பதினேழாவது இடத்தில், நகல் எடுத்துக் கொடுத்தவருக்கும் நூலக உதவியாளருக்கும் நடுவே இருந்தது.

தேர்வன்று அரங்கில் எழுபது பேர். பாதிப் பேர் மணிக்கூண்டுக்காக வந்தவர்கள். மீதிப் பேர் பிஸ்கட்டுக்காக. கடைசி வரிசையில் கேள்விக்குறி உட்கார்ந்திருந்தாள். மணிக்கூண்டேதான் அழைத்திருந்தாள், "உன்னப் பத்திச் சொல்றேன், கட்டாயம் வா" என்று.

மேடையேறும் நேரத்தில் நெறியாளர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். முன்னாள் புலத்தலைவரும் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரும் எதிர்பாராமல் வந்துவிட்டார்கள். விட்டால் மனம் கோணுமாம். மணிக்கூண்டு இருவரையும் அடைமொழிகளோடு அழைத்தாள். அந்த அடைமொழிகள் பதினான்கு விநாடி பிடித்தன என்பது அவளைத் தவிர அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது.

மற்றதெல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. குறைகளைச் சொல்லி முடித்து, "இறுதியாக" என்று ஆரம்பித்தபோது நெறியாளர் மணியை அடித்தார். தேர்வை நடத்துபவர் அவர்தான், மணியும் அவருடையதுதான். இன்னும் ஒரு வாக்கியம் என்று சொல்லியிருந்தால் யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் வாழ்நாளில் நேரத்தை மீறாதவளுக்கு அன்றைக்கென்று மீற வரவில்லை. தாளை மடித்துக்கொண்டாள்.

வெளித்தேர்வாளர் நிஜமாகவே படித்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஏட்டிலேயே உயிர் உள்ள இடம் இதுதான் என்றார். "கவுண்டர விட்டுட்டு வீட்டுக்குப் போகணும்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

தட்டில் வைத்து நீட்டியது போல் வந்தது வாய்ப்பு. கடைசி வரிசையில் கேள்விக்குறி சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெறியாளர் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் பங்கு என்னம்மா என்ற அடுத்த கேள்வி மணிக்கூண்டின் காதில் அதற்குள் ஒலித்துவிட்டது.

"முன்னோட்ட ஆய்வுல தெரிய வந்துச்சுங்க ஐயா."

அப்படி ஒரு முன்னோட்ட ஆய்வு நடக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்கள். ஐந்து வார்த்தை போதுமாயிருந்தது.

வெளித்தேர்வாளர் மகிழ்ந்துபோனார். பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். எழுத்துப் பிழைகளோடு ஒரே ஒரு திருத்தம்: அந்த முன்னோட்ட ஆய்வைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். கைதட்டல் எழுந்தது. ஆட்சிக்குழு உறுப்பினர் விழித்துக்கொண்டு தாமும் தட்டினார்.

பிஸ்கட் மேசையருகே கேள்விக்குறி வந்து கையைப் பிடித்தாள். "நல்லாப் பேசின. டைம் சரியா முடிச்ச."

மணிக்கூண்டு ஏதோ ஆரம்பித்தாள். மணி அடித்துவிட்டது என்றாள். உடனே, "கிளம்புறியா? அப்பாவுக்கு மாத்திர நேரமா?" என்றாள்.

"அப்பா போயி ஏழு மாசம் ஆச்சுடி. உனக்கு ஏடு சமர்ப்பிக்கிற நேரம், தொந்தரவு வேணாம்னு விட்டுட்டேன்."

தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

திருத்தத்துக்கு ஒரு மாதம் தந்திருந்தார்கள். நடக்காத ஆய்வை எழுத மணிக்கூண்டுக்குக் கை வரவில்லை. முன்னோட்ட ஆய்வு எதுவும் இல்லை, தேர்வில் நான் சொன்னது தவறு என்று தொடங்கி, தோழியின் கேள்வியை அவள் கேட்டபடியே, அவள் பெயரோடு எழுதினாள். நெறியாளர் கத்தினால் என்ன சொல்வது, பட்டமே போனால் என்ன சொல்வது என்று கணவனை உட்காரவைத்து ஒத்திகைகூடப் பார்த்தாள். இந்த முறை கணவன் முனகவில்லை.

நெறியாளர் கத்தவில்லை. படித்தால்தானே கத்துவதற்கு. திருத்தம் என்றால் எழுத்துப் பிழை என்பது அவருடைய முப்பது வருட நம்பிக்கை. "எல்லாம் சரி பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போட்டார்.

ஏடு பைண்டு செய்யப்பட்டு நூலகத்துக்குப் போயிற்று. மணிக்கூண்டு அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "படிச்சேன். நல்லாருக்கு."

பொய்யை எழுபது பேர் கேட்டார்கள். உண்மை எழுபத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அவ்வப்போது நூலகத்துக்குப் போய் மணிக்கூண்டு அந்த ஏட்டை எடுத்துப் பார்ப்பாள். இரவல் சீட்டில் இதுவரை ஒரு தேதியும் விழவில்லை. எழுபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, தோழியைப் பற்றிய வாக்கியத்தை உதடு மட்டும் அசைய, ஒருமுறை படிப்பாள். பதினான்கு விநாடிதான் ஆகிறது.