இருபத்தாறு ஜோடி

காலை எட்டு இருபதுக்கு, தேர்வு அலுவலக அறையின் மேஜையில் இருந்த சீல் வைத்த வினாத்தாள் கவர்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்த இளவரசியின் கை சட்டென்று நின்றது.

பி.காம் மாணவர்கள் இருபத்துநான்கு பேர். பி.காம் கணினிப் பயன்பாடு, அதாவது சிஏ, எட்டுப் பேர். இரண்டு துறைக்கும் தனித்தனிப் பாடக் குறியீடு. அப்படியானால் இரண்டு கவர் இருக்க வேண்டும். இருந்தது ஒன்றுதான். அதன் மேல் ஒரே ஒரு வினாத்தாள் எண்ணும், 'பிரதிகள் 32' என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டு துறைக்கும் வணிகப் புள்ளியியல் பொதுத்தாள்.

கவரைக் கையில் எடுத்து அந்த எண்ணை மறுபடி படித்தாள்.

இளவரசி கடலூரில் உள்ள அந்தக் கல்லூரியில் கணினித் துறையின் கௌரவ விரிவுரையாளர். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். இந்த வருடம் இருக்கைத் திட்டத்தைச் சரிபார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு இருக்கையையும் அதன் வலப்பக்க இருக்கையோடும் பின் இருக்கையோடும் அது ஒப்பிடும். இரண்டிலும் ஒரே தாள் என்றால் அந்த ஜோடியின் எண்களைத் திருப்பித் தரும். இடதும் முன்னும் பார்க்கத் தேவையில்லை. பார்த்தால் ஒரே ஜோடி இரண்டு தரம் வரும். நேற்று மாலை ஓட்டியபோது ஒரு ஜோடிகூட வரவில்லை. "சுத்தமா இருக்கு சார்" என்று அவள் சொன்ன பிறகுதான் தேர்வுக் கண்காணிப்பாளர் உத்திராபதி கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அவள் ஒப்பிட்டது பாடக் குறியீட்டை. ஒப்பிட்டிருக்க வேண்டியது வினாத்தாள் எண்ணை.

மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரு இடத்தை மாற்றி மறுபடி ஓட்டினாள். தேர்வு நடக்கிற இரண்டு ஹால்களில் மாடி ஹாலுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு பி.காம் துறைகளும் உட்காரும் கீழ் ஹாலுக்கு எண்கள் வரிசையாக இறங்கின. 33–34, 33–48, 34–35... கடைசியில் மொத்தம்: இருபத்தாறு.

உத்திராபதி உள்ளே வந்தார். வேதியியல் துறையில் முப்பது வருட சர்வீஸ். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"சார், கீழ் ஹால்ல பிளான் தப்பு. இருபத்தாறு ஜோடி பக்கத்துப் பக்கத்துல ஒரே தாள் எழுதப் போறாங்க. தப்பு என்னோடதுதான்."

அவர் உட்காராமல் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு கவரைப் பார்த்தார்.

"நேத்து சுத்தம்னு சொன்னியே."

"சப்ஜெக்ட் கோடு வேறவேறயா இருந்துச்சு சார். தாள் ஒண்ணுதான்னு நான் பாக்கல."

"லிஸ்ட்டு போர்டுல ஒட்டியாச்சு. வாட்ஸ்அப்ல போயிடுச்சு. ஒன்பதரைக்குப் பசங்க உள்ள வந்துடுவாங்க. இப்பப் போயி மாத்துனா கொழப்பம்தான் ஜாஸ்தியாவும். எட்டுப் பேருதானே, கூட ரெண்டு சூப்பர்வைசர் நிக்க வைக்கலாம்."

"பறக்கும் படை வந்தா, பிளானக் கையில வச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க சார். அப்ப அந்த முப்பத்திரண்டு பேரோட பேப்பரும் சந்தேகத்துல போயிடும். பாத்து எழுதுனவன், எழுதாதவன்னு யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?"

உத்திராபதி நிமிர்ந்து வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, ஒட்டிய பட்டியல் முன் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. ஹாலுக்குள்ளேயே மாத்திப் போட முடியுமா?"

இளவரசி ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தாள். ஹாலில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு இருக்கை, மொத்தம் நாற்பத்தெட்டு. பக்கத்தில் படாமல் உட்காரவைத்தால் ஒரே தாள் எழுத இருபத்துநான்கு பேருக்குத்தான் இடம். இப்போது முப்பத்திரண்டு பேர்.

"முடியாது சார். சிஏ பசங்க எட்டுப் பேரும் மாடிக்குப் போவணும். அங்கேருந்து எட்டுப் பேரு கீழ வரணும்."

"அப்பன்னா மாடியில முதல் வரிசை மொத்தத்தையும் கீழ அனுப்பு. ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். பசங்களுக்குச் சொல்றதுக்கும் சுலபம்."

அப்படியே போட்டு ஓட்டினாள். கீழ் ஹாலில் இப்போது ஒரு ஜோடியும் இல்லை. மாடி ஹாலில் ஏழு ஜோடி. 1–2, 2–3 என்று தொடங்கி 7–8 வரைக்கும்.

"சிஏ பசங்களே ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்காந்துட்டாங்க சார்" என்றாள். மணி எட்டு ஐம்பது.

மாடியில் ஒற்றைப்படை எண்களில் வரலாறு, இரட்டைப்படையில் வேதியியல். எண்கள் பாம்பு போல வளைந்து போகும்; எட்டாவது இருக்கை முதல் வரிசையின் கடைசி, ஒன்பதாவது அதற்குப் பக்கத்தில். அதனால் ஒற்றைப்படை இருக்கைகள் இரண்டு எங்கேயும் ஒட்டிவராது. வரலாற்று மாணவர்களை மட்டும் எடுத்தாள். ஒன்று, மூன்று, ஐந்து எனப் பதினைந்து வரை. மறுபடி ஓட்டினாள்.

இரண்டு ஹாலுக்கும் வெறும் திரை.

உத்திராபதி, "இன்னொரு தரம் ஓட்டு" என்றார். ஓட்டினாள். ஒன்றும் வரவில்லை. நேற்றும் இப்படித்தான் ஒன்றும் வரவில்லை என்ற நினைப்பு அவளை விடவில்லை. முதல் இரண்டு வரிசையை வினாத்தாள் எண்ணோடு தாளில் வரைந்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் அச்சடிக்கக் கொடுத்தாள்.

அலுவலக உதவியாளர் செந்தமிழ்செல்வன் பழைய பட்டியலைக் கிழித்துப் புதியதை ஒட்டிவிட்டு, வாசலில் நின்று பதினாறு பதிவெண்களையும் தொண்டை கிழியக் கூவினார். ஒன்பதரைக்கு ஹால்கள் நிறைந்தன. ஒன்பது ஐம்பதுக்கு மாடியிலிருந்து சேதி வந்தது: ஒன்பதாம் இருக்கை காலி. கணினிப் பயன்பாட்டுத் துறையின் கனிமொழி வரவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. பத்து ஐந்துக்குக் கல்லூரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பறக்கும் படை.

உத்திராபதி அவர்களை வரவேற்கப் போனார். இளவரசி கீழ் ஹாலை நோக்கி நடந்தாள். கதவருகே ஒரு பெண் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். அறைக் கண்காணிப்பாளர் அவளுடைய ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தொண்ணுல ஆளு எழுதிட்டு இருக்கும்மா. உன் பேரே இந்த ஹால்ல இல்ல" என்றார்.

"இருக்கு சார், வாட்ஸ்அப்ல பாத்தேன். குமராட்சியிலேருந்து வரேன் சார், மினி பஸ்ஸு பஞ்சராயிடுச்சு." அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கனிமொழியா? வா" என்று இளவரசி அவள் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் படிகளில் ஓடினார்கள். "அழுவாத. அரை மணி வரைக்கும் உள்ள விடலாம், இப்பப் பத்து நிமிசம்தான் ஆச்சு. எடம் மாறிருக்கு, அவ்ளோதான்." ஒன்பதாம் இருக்கையில் உட்காரவைத்து, அவள் கையில் வினாத்தாளைக் கொடுத்தாள்.

கீழே வந்தபோது, படையின் தலைவியான அம்மையார் உத்திராபதியின் முன்னால் இரண்டு திட்டங்களை வைத்திருந்தார். ஒன்று கிழிந்த பழையது.

"எதுக்கு சார் ரெண்டு பிளான்? யாரு மாத்துனது?"

இளவரசி வாயைத் திறப்பதற்குள் உத்திராபதி பேசினார்.

"நேத்து நான் கையெழுத்துப் போட்டது தப்புங்க. ரெண்டு கோடுக்கு ஒரே தாள்னு கவனிக்கல. காலையில இவுங்கதான் கண்டுபுடிச்சாங்க. தப்பா இருந்த ஜோடி எல்லாம் இந்த லிஸ்ட்டுல இருக்கு, பாத்துக்குங்க."

அந்த அம்மையார் இருபத்தாறு ஜோடியையும் பழைய திட்டத்தில் பேனாவால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு புதிய திட்டத்தோடு இரண்டு ஹாலிலும் வரிசை வரிசையாக நடந்தார். இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்து, மாற்றத்துக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் கீழே தானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் இளவரசி உட்கார்ந்தாள்.

"எம் பேரச் சொல்லிருக்கலாமே சார். தப்பு என்னோடதுதானே."

"கையெழுத்து என்னோடதும்மா."

அவள் மடிக்கணினியை மறுபடி திறந்தாள். மீதி இருந்த நாட்களின் திட்டங்களையும் வினாத்தாள் எண்ணை வைத்து ஒவ்வொன்றாக ஓட்டினாள். நாளைக்கு ஒன்றுமில்லை. புதன்கிழமைக்கும் இல்லை. வியாழக்கிழமைக்கு ஒன்பது ஜோடி வந்து நின்றது.

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எந்த ஹாலு? மொத ஜோடியச் சொல்லு" என்றார்.