நஸ்லின் வெட்டாத பக்கங்கள்

ஆறாயிரம் சொல்லை நாலாயிரமாக்கு என்று மின்னஞ்சல் அனுப்ப எவராலும் முடியும். அடிக்குறிப்புகளும் கணக்கில் சேரும் என்று கீழே ஒரு வரி வேறு. அந்த ஆறாயிரத்தை எழுத நஸ்லின் பட்ட பாடு அந்தக் கருத்தரங்கு மலர்க் குழுவுக்குத் தெரியுமா என்ன?

நஸ்லின் சாய்ந்தமருதுக்காரி, பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். சமய அறவியல் கருத்தரங்கில் அவள் வாசித்த கட்டுரை மலரில் அச்சேறினால்தான் வருகிற நேர்முகத்தில் காட்ட ஏதாவது இருக்கும். காட்ட ஒன்றுமில்லாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். ஞாயிறு மாலைக்குள் சுருக்கி அனுப்ப வேண்டும்.

கட்டுரையின் பொருள் இதுதான். ஒருவரைப் பற்றிப் புறம் பேசுவது ஹராம். ஆனால் கல்யாணம் பேச வந்தவர்கள் விசாரித்தால், கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆலோசனை ஓர் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். இரண்டும் மோதும்போது என்ன செய்வது? தேவைக்காகச் சொல்லலாம், தேவையின் அளவுக்கு மட்டும் சொல்லலாம் என்பது நஸ்லினின் வாதம். "பொருந்தாது" என்ற ஒரு சொல் போதுமானால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எதை வெட்டுவது என்று வழிகாட்டியான ஸஹீத் சேரிடம் தொலைபேசியில் கேட்டாள்.

"வாதமும் கெடக்கூடா, மூல ஆதாரமும் விழக்கூடா. மத்தத நீங்களே பாத்துக்கங்க, நஸ்லின்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெரிய உதவி!

அவள் எழுத உட்கார்ந்த இடம், அவளுடைய கல்யாணத்துக்கென்று வாப்பா கட்டிய வீட்டின் மண்டபம். வீடு கட்டி முடிந்து, தரைக்கு ஓடும் பதித்தாயிற்று. மாப்பிள்ளைதான் வரவில்லை.

முதலில் வெட்டியவை சுலபமானவை. அரபு மூலம், அதன் தமிழ் ஒலிபெயர்ப்பு, பிறகு மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொரு நபிமொழியையும் மூன்று முறை போட்டிருந்தாள். மொழிபெயர்ப்பையும் இலக்கத்தையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்தாள். "மேலே குறிப்பிட்டவாறு" என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் போயின. ஒரே கருத்தைச் சொன்ன நான்கு பிற்கால ஆய்வாளர்களை ஓர் அடிக்குறிப்பில் நெருக்கி உட்கார வைத்தாள். அப்படியும் இன்னும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

"சோத்தத் திண்டுட்டு வெட்டன் புள்ள" என்று உம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டார்.

"சோறு சோறு எண்டு உயிர எடுக்காதீங்க உம்மா!"

உம்மா தட்டை மூடி வைத்தார். நஸ்லினுக்கு அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

கட்டுரையின் நடுவில் நான்கு பக்கத்துக்கு ஒரு சம்பவம் இருந்தது. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்து, பெண்ணின் வீட்டையும் வளவையும் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு அயலவரிடம் விசாரிக்கிறார். பெண்ணுக்குச் சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததை அயலவர் சொல்கிறார். அதோடு விட்டாரா? தகப்பன் வெளிநாட்டில் வழக்கொன்றில் மாட்டிப் பட்ட அவமானத்தைச் சொல்கிறார். பெண்ணின் வாய்த்துடுக்கையும் சொல்கிறார். சம்பந்தம் நின்றுபோகிறது. வெட்டும் விரல் அந்தப் பக்கங்களுக்கு வந்தபோதெல்லாம் தாண்டிப் போயிற்று. அதற்குப் பதிலாக எதிர்வாதத்தையும் அதற்கான மறுமொழியையும் வெட்டினாள். தேவைக்காக அனுமதித்தது தேவையின் அளவைத் தாண்டக் கூடாது என்ற சட்ட விதியையும் அதற்கான ஆதாரங்களையும் வெட்டினாள். கடைசியில் எண்ணிக்கை நாலாயிரத்துக்குக் கீழே இறங்கியது.

ஞாயிறு காலை மடிக்கணினியோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரைதீவுக்கு, சுஜித்தாவிடம் போனாள். சுஜித்தா அவளுடன் படித்தவள், இப்போது இந்து நாகரிகம் படிப்பிக்கிறாள். மலரின் பிரதிகளைச் சரிபார்ப்பதும் அவள் தலையில்தான்.

சுஜித்தா கட்டுரையை முழுக்க வாசித்தாள். பிறகு ஒரு வெறுந்தாளை எடுத்து, ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு வரியில் எழுதிக்கொண்டே போனாள். நஸ்லினுக்குப் பொறுக்கவில்லை.

"நாலாயிரத்துக்குள்ள வந்திட்டுத்தானே?"

"ஓம், வந்திட்டு. ஆனா வாதம் எங்ககா?" சுஜித்தா தாளைத் திருப்பிக் காட்டினாள். "அளவோட சொல்லு எண்டு முடிக்கிறாய். அளவு எங்கயிருந்து வந்த? அதச் சொல்ற விதிய நீ தூக்கிட்டாய். அரைவாசி சொன்னா கேட்டவங்க ஏமாறமாட்டாங்களா எண்டு ஆரும் கேட்டா, அதுக்கும் மறுமொழி இல்ல. இந்தக் கதை மட்டும் அப்பிடியே இரிக்கி. இத எடுத்துப் பாரு, மத்த ஒரு பந்தியும் சரியாது."

"அதுதான் உதாரணம்!"

"உதாரணத்துக்கு ரெண்டு வரி போதும்."

"போதாது! போதாதுகா! உனக்கு விளங்காது." நஸ்லினின் குரல் உடைந்தது. "அது நான்."

சுஜித்தாவின் பேனை நின்றது. வெளியே யாரோ தெருவில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். 

"எனக்குத் தெரியா, நஸ்லின்."

"ஆருக்கும் தெரியக்கூடா எண்டுதானே பேர் போடாம எழுதின."

"பேர் இல்லாட்டியும் உங்கட ஒழுங்கையில, அக்கம்பக்கத்தில வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும்." சுஜித்தா தயங்கினாள். பிறகு அடிக்குறிப்பு ஒன்றின்மேல் விரலை வைத்தாள். "கோவிக்காத. இது எந்த வாதத்துக்கு?"

நஸ்லின் குனிந்து பார்த்தாள். அவள் எழுதியதுதான். மேற்படி அயலவரின் சொந்த மகளும் கல்யாணமான வருடமே தலாக்காகி வீடு திரும்பியவர் என்று அதில் இருந்தது.

அந்த அயலவர் எதிர்வீட்டு சல்மா உம்மா; வீடு திரும்பியவள் அவருடைய மகள். அவளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் அந்தத் தகவல் தேவைப்படவில்லை. கட்டுரைக்கும் தேவைப்படவில்லை. எழுதிய அன்று நஸ்லினுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. எழுதி முடித்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. தேவையின் அளவு பற்றி ஆறாயிரம் சொல் எழுதியவள் அவள்! வெட்கம் காதுவரை ஏறியது.

அடிக்குறிப்பை அவளே அழித்தாள். பிறகு அந்த நான்கு பக்கங்களையும் தேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். அந்த இடத்தில் இப்படி எழுதினாள்: "சம்பந்தம் விசாரித்த தாயிடம் அயலவர் ஒருவர், பெண்ணின் உடல்நலம் குறித்துச் சொன்னது கடமை. அவளுடைய தகப்பனைக் குறித்துச் சொன்னது எல்லை மீறல்."

எதிர்வாதமும் மறுமொழியும் திரும்பி வந்தன. அளவு பற்றிய விதியும் அதன் ஆதாரங்களும் தம் இடத்தில் போய் நின்றன. கடைசிப் பந்திக்கு நிற்கக் கால் கிடைத்தது. எல்லாம் சேர்ந்தும் எல்லைக்குள் இருந்தது. இன்னும் நூறு சொல்லுக்கு இடமும் இருந்தது.

"வேணுமெண்டா அந்தக் கதையில இன்னும் ரெண்டு வரி போடலாம்" என்றாள் சுஜித்தா மெதுவாக.

நஸ்லின் திரையைப் பார்த்தபடி இருந்தாள். வலிப்பு ஒரே ஒரு தரம்தான் வந்தது, பிறகு வரவேயில்லை என்று போடலாம். வாப்பா குற்றவாளி அல்ல என்று போடலாம்.

"வேணாம்" என்று சொல்லிக் கட்டுரையை அனுப்பினாள்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது எதிர்வேலிக்கு அந்தப் பக்கம் சல்மா உம்மா நின்றார். அவருக்குப் பின்னால் மகள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, ஞாயித்துக்கிழமையும் ஓட்டமா? ஏதும் விசேசமா?"

நஸ்லினின் நாக்கு நுனியில் அழித்த நான்கு பக்கங்களும் வந்து நின்றன. அந்தப் பெண் கையில் ஈரத் துணியோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்ல மாமி. கட்டுரை ஒண்டு சுருக்கின."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உம்மா இன்றைக்கும் மூடி வைத்த சோறு மேசையில் இருந்தது. கட்டுரை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கோபம் மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் அப்படியே இருந்தது.