பதினோரு புள்ளிகள்

எடிட்டிங் மேசையில் தங்கை. அவள் தோளுக்குப் பின்னால் அண்ணியும் அண்ணனும், ஆளுக்கொரு பக்கம். திரையில் அண்ணி முதன்முதலாகத் தனியாகப் போய் எடுத்துவந்த சைக்கிள் பந்தயம். வண்டிகள் பறந்தன, கேமரா திரும்பியது, மேகம் நகர்ந்தது. வானத்திலிருந்த பதினோரு கரும்புள்ளிகள் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"லென்ஸை மாத்தினப்பவும் அதே இடத்துல இருக்கு. அப்போ தூசி உள்ளே, படம் பதியற சென்சார் மேல," என்றான் அண்ணன். "ஒரே நாள்ல என் கேமராவைக் குப்பைத்தொட்டி ஆக்கிட்டா. இனிமே இவ கையில கிடையாது."

அண்ணியோ அடுத்த வாரமும் ஒரு படப்பிடிப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தாள்.

"கத்தாதேண்ணே. துடைச்சுடலாம்," என்றாள் தங்கை.

ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு, பக்கத்து வானத்தால் நிரப்பினாள். தூசி நகராது என்பதால் ஒருமுறை போட்ட வட்டங்களை எல்லாத் துண்டுகளுக்கும் அப்படியே ஒட்டலாம். புள்ளிக்குப் பின்னால் மரக்கிளை வந்த இடங்களில் மட்டும் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. கேமரா திரும்பியதால் அடுத்த ஃபிரேமில் கிளை முழுசாகத் தெரிந்தது. அங்கிருந்து எடுத்து ஒட்டினாள்.

கடைசித் துண்டுக்கு ஒட்டும்போது கை தவறியது. பக்கத்தில் திறந்து கிடந்த அண்ணனின் கடற்கரைப் படத்தில் போய் ஒட்டிவிட்டாள். அவன் இரண்டு மாதத்துக்கு முன் இதே கேமராவில் எடுத்தது, இன்னும் யாரும் வெட்டாமல் கிடந்தது.

நீக்கப் போனவள் நின்றாள். கடல்மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வட்டங்களை அணைத்தாள். பதினோரு புள்ளிகள். போட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி அணைத்தாள்.

"அண்ணே, எண்ணு."

அவன் எண்ணினான். ஏழுக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது.

"உன் மத்தப் படத்துல எல்லாம் லென்ஸ் துவாரத்தை அகலமா வெச்சு எடுப்பே, தூசி மங்கிப் போயிடும். அன்னைக்கு வெயிலுக்காகச் சுருக்கினே, தூசி பல்லைக் காட்டிடுச்சு. அண்ணியும் வெயில்லதான் எடுத்தாங்க."

"கடற்கரையில காத்து..." என்றான் அண்ணன்.

"அந்தக் காத்துல நின்னு லென்ஸை மாத்துனீங்களா?" என்று கேட்டாள் அண்ணி. "என்னைச் சொன்னீங்களே! கேக்கறவ கேனச்சின்னா எலி ஏரோப்ளேன் ஓட்டுமாம்."

தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்தாள்.

"அப்போ கீழே வலது மூலையில புகை மாதிரி இருக்கே, அதுவும் நானா?" அண்ணன் விடுவதாக இல்லை.

அண்ணி குனிந்து பார்த்தாள். சில துண்டுகளில் மட்டும், அதுவும் அகலமான லென்ஸில் எடுத்தவற்றில் மட்டும், ஒரு வெள்ளை மங்கல்.

"அது அந்த லென்ஸ்ல பட்ட என் கட்டைவிரல் ரேகை. ஒத்துக்கறேன். பதினொண்ணு உங்களது, ஒண்ணு என்னது."

தங்கை அந்த மூலைக்கு மட்டும் கறுப்பைக் கொஞ்சம் அழுத்தி, மங்கலைக் குறைத்தாள். முழுசாகப் போகவில்லை, தேடினால்தான் தெரியும்.

அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"சென்சாரைச் சுத்தம் பண்ணக் குடுக்கணும்ல? அடுத்த வாரம் உனக்கு வேணுமே," என்று முறைத்துவிட்டுப் போனான்.